தேயிலைத் தோட்டமும் சம்பளமும் இருக்கா? 'இலவச' ஐடிஆர் சாஃப்ட்வேர் உங்களுக்கு ஏன் சரிப்படாது?

2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி கணக்குத் தாக்கல் செய்ய 2025 செப்டம்பர் 16 கடைசி நாளாக இருந்தது. சம்பளம் வாங்குபவர்கள் பலரும் செல்போனிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். பான் எண்ணைப் போட்டு, ஃபார்ம் 16-ஐ அப்லோட் செய்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதுவும் இலவசம்!

ஆனால், கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. இங்கே அரசு வேலையில் இருப்பவர், வங்கியில் இருப்பவர், ஓய்வூதியம் வாங்குபவர் என யாரைக் கேட்டாலும், ஊரில் அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தேயிலை இருக்கும். மாதாமாதம் ஃபேக்டரிக்கு இலை போகும், கணக்கில் பணம் வரும். ஐடிஆர் போடும்போது அதைப் பற்றிக் கேட்டால், "தேயிலைக்குத்தான் வரி இல்லையே" என்ற பதில்தான் வரும்.

பதில் பாதி சரி. மீதிப் பாதிதான் உங்களை இலவசப் படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

சாஃப்ட்வேருக்கு ஏன் இத்தனை பிளான்?

வரி தாக்கல் செய்யும் தனியார் இணையதளங்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் மூன்று, நான்கு பிளான்கள் வரிசையாக இருக்கும். முதலில் இலவசம் அல்லது மிகக் குறைந்த விலை. அது சம்பளக்காரர்களுக்கு. அடுத்தது, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வீடு விற்றவர்களுக்கு. அதற்கு மேல், வியாபாரம் செய்பவர்களுக்கும் ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்பவர்களுக்கும். கடைசியில், வெளிநாட்டில் இருப்பவர்கள், வெளிநாட்டு வருமானம் உள்ளவர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகக் கட்டணம் என்பது போலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை. 40 லட்சம் சம்பளம் வாங்குபவர் முதல் படியிலேயே முடித்துவிடலாம். 5 லட்சம் மட்டும் சம்பாதிக்கும் மளிகைக்கடைக்காரர் மேல் படிக்குப் போக வேண்டியிருக்கும். படியைத் தீர்மானிப்பது தொகை அல்ல, எந்தப் படிவம் என்பதுதான்.

2024-25 நிதியாண்டுக்கான படிவங்களைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஐடிஆர்-1, அதாவது 'சஹஜ்': 50 லட்சத்துக்குள் வருமானம், சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வங்கி வட்டி போன்றவை. ஐடிஆர்-2: வியாபாரம் இல்லை, ஆனால் ஐடிஆர்-1-ல் அடங்காத மற்ற எல்லாம். ஐடிஆர்-3: வியாபாரம் அல்லது தொழில் வருமானம் உள்ளவர்கள். ஐடிஆர்-4, அதாவது 'சுகம்': கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிடும் சிறு வியாபாரிகள்.

இலவசப் பிளான் என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் ஐடிஆர்-1-க்குத்தான். அந்தப் படிவத்துக்கு வெளியே ஒரு ரூபாய் வருமானம் போனாலும் பிளான் மாறிவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் டர்போடாக்ஸ் என்ற பிரபல சாஃப்ட்வேர் 'இலவசம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, பாதி வழியில் மேல் பிளானுக்குத் தள்ளியதாகப் புகார் எழுந்தது. அதைத் தயாரிக்கும் இன்ட்யூட் நிறுவனம் 2022-ல் எல்லா மாநிலங்களுடனும் சமரசம் செய்துகொண்டு, 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கேயும் பிரச்சினையின் வேர் இதேதான். இலவசம் என்பது எளிய படிவத்துக்கு மட்டும், மற்ற வருமானம் வந்தால் பணம்.

5,000 ரூபாய் கோடு

இனி தேயிலைக்கு வருவோம். ஐடிஆர்-1-ல் விவசாய வருமானம் காட்டலாம். ஆனால் 5,000 ரூபாய் வரைக்கும்தான். அதுவும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து!

கோத்தகிரியில் கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கூட, இலை விலை சுமாராக இருக்கும் வருடத்தில் செலவு போக இதைத் தாண்டிவிடலாம். தாண்டினால் ஐடிஆர்-1 கிடையாது. சம்பளமும் தேயிலையும் மட்டும் என்றால் ஐடிஆர்-2.

சாஃப்ட்வேர் இதைச் சொல்லாதா என்று கேட்கலாம். பல நேரம் சொல்லாது. காரணம் எளிது. உங்கள் சம்பளம் ஃபார்ம் 16-ல் இருக்கிறது. வங்கி வட்டி, பங்கு விற்பனை எல்லாம் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் தானாக வந்து விழுகிறது. பச்சைத் தேயிலை விற்ற பணத்தைச் சிறு விவசாயி விஷயத்தில் பொதுவாக யாரும் அப்படித் தெரிவிப்பதில்லை. அதனால் முன்கூட்டியே நிரப்பிய படிவத்தில் தோட்டம் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் சாஃப்ட்வேருக்குத் தெரியும். விலைப்பட்டியலின் முகப்பிலும் சம்பளம், பங்கு, வியாபாரம் என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும். விவசாயம் எந்தப் படியில் வரும் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. ஐடிஆர்-1-ல் விவசாய வருமானம் என்ற இடத்தில் 60,000 என்று போட்டால் ஏற்காது. சிலர் அந்த வரியையே காலியாக விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் 'ஏதாவது காட்டணுமே' என்று சரியாக 5,000 போட்டுவிடுகிறார்கள். முதலாவது தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது அப்படிச் சொல்லவே முடியாது. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதன் மேலேயே உட்காருவது அது.

வரி இல்லாத வருமானத்துக்கு எதற்குப் படிவம்?

நியாயமான கேள்வி. பச்சை இலையை அப்படியே ஃபேக்டரிக்கு விற்றால் அது முழுக்க விவசாய வருமானம். மத்திய அரசின் வருமான வரி அதன் மீது கிடையாது. ஆனால் சம்பளத்தின் மீது எவ்வளவு வரி என்று கணக்கிடும்போது, தோட்ட வருமானத்தைக் கொஞ்ச நேரம் கூடச் சேர்த்துக்கொண்டு, பிறகு கழிப்பார்கள். விவசாயம் 5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பையும் தாண்டினால் இந்தக் கணக்கு வரும்.

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் புரியும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் இருக்கும் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 8,75,000 ரூபாய். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக, 8,00,000.

அவர் பெயரில் இரண்டு ஏக்கர் தேயிலை. ஆண்டுக்கு 8,000 கிலோ பச்சை இலை போகிறது, சராசரி விலை கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைப்போம். வரவு 1,60,000. இலை பறிக்கும் கூலி, உரம், மருந்து, கவாத்து, இலை ஏற்றும் வண்டி வாடகை என்று செலவு 1,00,000. கையில் நிற்பது 60,000.

தோட்டத்தை மறைத்துவிட்டு ஐடிஆர்-1 போட்டால், 8 லட்சத்துக்கு 2024-25 புதிய முறை வரி 30,000. நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 31,200.

சரியான முறையில் மூன்று படி. முதலில் 8,00,000-உடன் 60,000-ஐச் சேர்த்து, 8,60,000-க்கு வரி போட வேண்டும். அது 36,000. அடுத்து, அடிப்படை விலக்கான 3,00,000-உடன் அதே 60,000-ஐச் சேர்த்து, 3,60,000-க்கு வரி போட வேண்டும். அது 3,000. இப்போது முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் 33,000. செஸ் சேர்த்து 34,320.

வித்தியாசம் 3,120 ரூபாய். தேயிலைக்கு நேரடியாக வரி போடவில்லை. ஆனால் தேயிலை சம்பளத்தை மேல் அடுக்குக்குத் தூக்கிவிட்டது. சம்பளம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அதே 60,000 ரூபாய்த் தோட்டம் செஸ்ஸுடன் 15,600 ரூபாய் வரை கூடுதல் வரியைக் கொண்டுவரும்.

இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை, சாஃப்ட்வேர் போடும். ஆனால் ஐடிஆர்-1-க்கு மட்டும் செய்யப்பட்ட பிளானில் இந்தக் கணக்குக்கான இடமே கிடையாது.

கடை வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை

சம்பளக்காரருக்கு ஒரு படிதான் ஏறுகிறது. கோத்தகிரி பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு?

மளிகைக்கடை, ஆண்டு விற்பனை 60 லட்சம், எல்லாம் ரொக்கம் என்று வைத்துக்கொள்வோம். 44ஏடி பிரிவின்படி எட்டு சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 4,80,000 ரூபாய். கணக்குப் புத்தகம் தேவையில்லை, ஐடிஆர்-4 போதும். பல இணையதளங்களில் இதற்குச் சுமாரான கட்டணம்தான்.

இவருக்கும் மேலே சொன்ன மாதிரி 60,000 ரூபாய்த் தேயிலை வருமானம் இருந்தால், ஐடிஆர்-4 போட முடியாது. ஏனென்றால் அதே 5,000 ரூபாய்க் கோடு ஐடிஆர்-4-லும் இருக்கிறது! வியாபாரம் இருப்பதால் ஐடிஆர்-2-வும் போட முடியாது. நேராக ஐடிஆர்-3. தனியார் விலைப்பட்டியலில் பெரும்பாலும் மேல் படி.

2024-25 புதிய முறையில் வரி எவ்வளவு என்று பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். 5,40,000-க்கு 12,000. 3,60,000-க்கு 3,000. கழித்தால் 9,000. மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடும். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் படிவம் மட்டும் மிகப் பெரியது.

பயப்பட வேண்டாம். ஐடிஆர்-3-க்குள்ளும் 44ஏடி முறையில் எட்டு சதவீத லாபத்தைக் காட்டலாம். முழுக் கணக்கு எழுத வேண்டும் என்று அர்த்தமில்லை. "ஐடிஆர்-3 என்றால் ஆடிட் செய்யணும், பேலன்ஸ் ஷீட் போடணும்" என்று யாராவது பெரிய தொகை கேட்டால், 44ஏடி-யில் போட முடியுமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

சொந்தமாகத் தூள் தயாரித்தால்?

நீலகிரியில் இப்போது சிலர் சொந்த இலையை வைத்துச் சின்ன அளவில் கிரீன் டீ, கையால் சுருட்டிய டீ என்று தயாரித்து நேரடியாக விற்கிறார்கள். இவர்களுக்குக் கணக்கு வேறு.

சொந்தத் தோட்டத்தில் விளைந்த இலையைத் தாங்களே தூளாக்கி விற்றால், வருமான வரி விதி 8 வருகிறது. மொத்த லாபத்தில் 40 சதவீதம் வியாபார வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம். லாபம் 5,00,000 என்றால் 2,00,000-க்கு வரிக் கணக்கு, 3,00,000 விவசாயம். பக்கத்துத் தோட்டக்காரரின் இலையை விலைக்கு வாங்கித் தூளாக்கினால், அந்தப் பகுதிக்கு இந்தச் சலுகை இல்லை. அது முழுக்க வியாபாரம். அதனால் சொந்த இலை எவ்வளவு, வாங்கிய இலை எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு வேண்டும்.

தோட்டத்தில் ஊடுபயிராகக் காபி இருந்து, பழத்தைப் பறித்து பதப்படுத்தி விற்றால் 25 சதவீதம் வியாபாரம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் விற்றால் முழுக்க விவசாயம்தான்.

விதி 8-க்கு ஐடிஆர்-3 கட்டாயம். ஆனால் சாஃப்ட்வேரில் 'ஐடிஆர்-3 உண்டு' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. கடைக்காரர்களுக்காகவும் பங்கு வர்த்தகர்களுக்காகவும் எளிமையாக்கப்பட்ட திரையில் விதி 8-க்கான கட்டம் மறைந்திருக்கலாம். படிவத்தில் `Schedule BP` என்ற அட்டவணையில் விதி 8-க்கென்று ஒரு வரி உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பு, அந்த வரி திரையில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் உங்கள் முழு லாபத்துக்கும் வரி போட்டுவிடும். 2 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம்!

ஒரு பிளானில் எத்தனை ரிட்டர்ன்?

படிவத்துக்கு அடுத்து, விலையைத் தீர்மானிக்கும் இன்னொரு விஷயம் எண்ணிக்கை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

தனிநபருக்கான இணையதளப் பிளான் பொதுவாக ஒரு பான் எண், ஒரு மதிப்பீட்டு ஆண்டு என்ற கணக்கில்தான். கணவர், மனைவி, அப்பா மூவரும் தாக்கல் செய்ய வேண்டும் என்றால் மூன்று. போன வருடம் விட்டுப்போனதை இப்போது அப்டேட்டட் ரிட்டர்னாகப் போட்டால் அது தனி. போட்டதில் தவறு இருந்து திருத்திப் போட்டால், அதற்கும் காசு வாங்குவார்களா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் கணினியில் ஏற்றிக்கொள்ளும் வகை டர்போடாக்ஸை வாங்கினால் ஐந்து மத்திய அரசு ரிட்டர்ன்கள் வரை இணையத்தில் அனுப்பலாம். இங்கே ஆடிட்டர்களும் வரி ஆலோசகர்களும் வாங்கும் சாஃப்ட்வேர்கள் வேறு ரகம். ஒரு ஆண்டுக்கு உரிமம், பல வாடிக்கையாளர்களின் ரிட்டர்ன், எல்லாப் படிவமும். மூன்று பேர் குடும்பத்துக்கு அது தேவையே இல்லை.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அண்ணன், தம்பி இருவர் பெயரிலும் தோட்டம், இலைப் பணம் மட்டும் அண்ணன் கணக்கில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரவர் பங்கு அவரவர் ரிட்டர்னில்தான் வர வேண்டும். தம்பி கோவையில் வேலை பார்த்துக்கொண்டு இலவச ஐடிஆர்-1 போட்டுக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து வரும் பங்கு 5,000-ஐத் தாண்டினால் அவருக்கும் ஐடிஆர்-2 தான். ஒரு தோட்டம், இரண்டு ரிட்டர்ன்.

அப்போ பணம் கட்டித்தான் ஆகணுமா?

இல்லை! வருமான வரித்துறையின் சொந்த இணையதளத்தில் படியும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஐடிஆர்-1 முதல் 4 வரை தனிநபர்கள் ஆன்லைனிலேயே இலவசமாகத் தாக்கல் செய்யலாம். தனியார் தளத்துக்குக் கட்டும் பணம் வசதிக்கும் உதவிக்கும்தான்.

ஆசிரியையின் ஐடிஆர்-2-ஐ அங்கே போடுவது எப்படி என்று பார்க்கலாம். incometax.gov.in-ல் உள்ளே போய் `e-File` → `Income Tax Returns` → `File Income Tax Return` தேர்வு செய்ய வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கு ஆண்டு `2025-26`, முறை `Online`. எந்தப் படிவம் என்று கேட்கும்போது `ITR-2`. சம்பளம், வரிப் பிடித்தம் எல்லாம் தானாக வந்திருக்கும்.

அடுத்து, எந்தெந்த அட்டவணைகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் `Schedule EI` டிக் ஆகியிருக்க வேண்டும். விலக்கு பெற்ற வருமானங்களுக்கான அட்டவணை அது. அதற்குள் விவசாய மொத்த வரவு, விவசாயச் செலவு என்று தனித்தனிக் கட்டங்கள். ஆசிரியை 1,60,000, 1,00,000 என்று இரண்டையும் போட வேண்டும். 60,000-ஐ மட்டும் மொத்த வரவாகப் போட்டுவிடக் கூடாது. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் மாவட்டம், பின்கோடு, ஏக்கர் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களும் கேட்கும்.

முடித்த பிறகு ஒரு சோதனை. எந்தச் சாஃப்ட்வேராக இருந்தாலும் இது பொருந்தும். கடைசியில் வரும் வரிக் கணக்குப் பக்கத்தில் `Rebate on agricultural income` என்று ஒரு வரி இருக்கும். ஆசிரியைக்கு அதில் 3,000 வந்திருக்க வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால், தோட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை அல்லது தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியைப் பார்ப்பதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

ஃபேக்டரி தரும் மாதாந்திர இலைக் கணக்குச் சீட்டுகளையும், கூலி, உரம் வாங்கிய ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்னோடு எதையும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி வந்தால் அதுதான் பதில்.

ஏற்கெனவே தவறாகப் போட்டாச்சே?

ஐடிஆர்-1 போட்டு முடித்துவிட்டீர்களா? 2024-25 நிதியாண்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட முடிந்தது. திருத்திப் போடும்போது படிவத்தை ஐடிஆர்-2 ஆக மாற்றிக்கொள்ளலாம். குறையும் வரியை வட்டியோடு கட்டிவிட்டு அனுப்ப வேண்டும்.

நீங்களாகத் திருத்தாமல், படிவம் தவறு என்று துறை கண்டுபிடித்தால், 139(9) பிரிவில் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும். பதில் சொல்ல 15 நாள். சொல்லாவிட்டால் அந்த ரிட்டர்னே செல்லாது, தாக்கலே செய்யாத மாதிரி. ரீஃபண்ட் நின்றுவிடும். தாமதக் கட்டணமும் வரலாம்.

அந்த நோட்டீஸ் எங்கே போகும்? இதில்தான் மலைக் கிராமங்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டரிலோ, தெரிந்தவரிடமோ கொடுத்துத் தாக்கல் செய்யும்போது, ஓடிபி தொல்லை வேண்டாம் என்று அவர்களுடைய செல்போன் எண்ணையும் இமெயிலையுமே போட்டுவிடுவதுண்டு. நோட்டீஸ் அவர்களுக்குப் போகும். நூறு பேருக்குப் போட்டவர் ஒவ்வொரு மெயிலையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். 15 நாள் உங்களுக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

இணையதளத்தில் `My Profile` போய், தொடர்பு விவரத்தில் இருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே மாற்றுங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யவும் வேண்டும்; அதற்கான ஆதார் ஓடிபி ஆதாரில் பதிவான எண்ணுக்குத்தான் வரும். இ-வெரிஃபை செய்யாத ரிட்டர்னும் கணக்கில் வராது.

2025-26 நிதியாண்டில் என்ன மாறியது?

2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் ஆனது. 12 லட்சம் வரை தள்ளுபடியும் இருக்கிறது. அதனால் நம் உதாரண ஆசிரியைக்கு அந்த ஆண்டில் சம்பளம் இதே அளவில் இருந்தால் வரியே வராது. 3,120 ரூபாய் வித்தியாசமும் போய்விடும்.

ஆனால் மளிகைக்கடைக்காரர் கணக்கில் பார்த்தோமே, வரி பூஜ்யம் என்பதால் படிவம் சின்னதாகிவிடாது. 5,000 ரூபாய்க் கோடு இருக்கும் வரை தோட்டக்காரருக்கு ஐடிஆர்-2 அல்லது 3 தான். ஒவ்வொரு ஆண்டும் புதிய படிவங்கள் வெளியானதும், ஐடிஆர்-1-ல் விவசாய வருமானம் என்ற வரிக்குப் பக்கத்தில் என்ன தொகை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பிளானைத் தேர்வு செய்யுங்கள்.